அக்டோபர் கொலுவுக்கு ஆகஸ்டிலேயே பின் போடுவது ஏன்?

நவராத்திரிக்கு நான்கு நாள் முன்னால் கொலுப் படங்களை எல்லாம் பின்டரெஸ்டில் ஏற்றுகிறோம். பண்டிகை முடியும்வரை நூறு பேர்கூடப் பார்க்கவில்லை. மறந்துபோய் வேறு வேலையைப் பார்க்கும்போது, நவம்பர் நடுவில் அதே படத்தைப் பார்ப்பவர்களின் எண்ணிக்கை மெல்ல ஏறத் தொடங்குகிறது. கைவினைப் பொருள் விற்பவர்கள், சமையல் வலைப்பதிவர்கள், வீட்டிலிருந்தே தாம்பூலப் பை தைத்து விற்பவர்கள் எனப் பலருக்கும் இந்தக் குழப்பம் உண்டு. "இந்தத் தளம் நம்ம ஊருக்கு ஒத்துவராது" என்று விட்டுவிடுபவர்கள்தான் அதிகம். பெரும்பாலும் கோளாறு படத்தில் இல்லை, போட்ட தேதியில் இருக்கிறது.

எத்தனை வாரம் முன்னால் போட வேண்டும், அந்தக் கணக்கு எங்கிருந்து வருகிறது, தளத்தின் ஷெட்யூல் வசதி அதற்கு எந்த அளவு ஒத்துழைக்கிறது என்பதை 2026 நவராத்திரியை வைத்தே பார்த்துவிடலாம்.

## முதலில் பின், போர்டு

பின் என்பது ஒரு படம், அதற்கு ஒரு தலைப்பு, ஒரு விளக்கம், அழுத்தினால் போய்ச் சேரும் ஒரு இணைப்பு. போர்டு என்பது பின்களைக் குத்திவைக்கும் பலகை. அதற்குள் செக்‌ஷன் என்று தனித்தனி அறைகளும் பிரித்துக்கொள்ளலாம். நம் பின்னை இன்னொருவர் தன் போர்டில் எடுத்துவைத்துக்கொள்வதுதான் சேவ்.

மற்ற சமூக ஊடகங்களில் இன்று போட்டது இன்று ஓடும், நாளை மறுநாள் செத்துவிடும். இங்கே மக்கள் வருவது பெரும்பாலும் தேடுவதற்கு. "என்ன நடக்கிறது" என்று பார்க்க வருவதில்லை, "நான் என்ன செய்யப்போகிறேன்" என்று யோசிக்க வருகிறார்கள். அதனால் ஒரு பின் மாதக் கணக்கில், சில சமயம் வருடக் கணக்கில் ஓடும், ஆனால் சூடு பிடிக்க நேரம் எடுக்கும். இரவு எட்டு மணிக்குப் போடுவதா ஒன்பது மணிக்கா என்று மண்டையை உடைத்துக்கொள்பவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது. மணி இங்கே பெரிய விஷயமே இல்லை, வாரம்தான் விஷயம்.

## சூடு பிடிக்க ஏன் நேரம் ஆகிறது?

ஒரு பின் எதைப் பற்றியது என்பதை இந்தத் தளம் பல வழிகளில் கற்றுக்கொள்கிறது. தலைப்பையும் விளக்கத்தையும் படிக்கிறது, படத்தில் தெரியும் பொருட்களை அடையாளம் காண்கிறது, இணைப்பில் இருக்கும் பக்கத்தைப் பார்க்கிறது. இவையெல்லாம் போட்ட உடனே கிடைத்துவிடும். ஆனால் அதிக வலுவான தகவல் வேறொன்று: யார் யார் எந்தப் போர்டில் அதைச் சேவ் செய்கிறார்கள் என்பது.

மரப்பாச்சி பொம்மை ஜோடி ஒன்றின் படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பட்டுத்துணி சுற்றி, சின்னதாக நெத்திச்சுட்டி கட்டி வைத்திருக்கிறீர்கள். வெறும் படத்தை மட்டும் வைத்து முடிவெடுக்கிற இயந்திரத்துக்கு அது மரச் சிற்பமாகத் தெரியலாம், குழந்தை விளையாடும் பொம்மையாகத் தெரியலாம், கல்யாண அலங்காரமாகக்கூடத் தெரியலாம். இருபது பேர் அதை எடுத்து "நவராத்திரி கொலு" என்ற மாதிரிப் பெயர்கொண்ட போர்டுகளில், படிக்கட்டுப் படங்களுக்கும் கலசப் படங்களுக்கும் பக்கத்தில் குத்திவைத்த பிறகுதான் அதன் இடம் எது என்று உறுதியாகிறது.

2018இல் பின்டரெஸ்ட் பொறியாளர்கள் பின்சேஜ் என்ற தங்கள் பரிந்துரை முறையைப் பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். பின்களும் போர்டுகளுமாக 300 கோடி புள்ளிகள், அவற்றை இணைக்கும் 1,800 கோடி கோடுகள் கொண்ட வலை அது. அந்த வலையில் உங்கள் புதுப் பின் நுழையும்போது அதற்கு ஒரே ஒரு கோடுதான் இருக்கும்: நீங்கள் போட்ட போர்டு. மற்ற கோடுகள் ஆட்கள் சேவ் செய்யச் செய்யத்தான் வரும். கொலு என்று யாருமே தேடாத மாதத்தில் சேவ் மெதுவாகத்தான் வரும், தேட ஆரம்பித்த பிறகோ ஏற்கெனவே நூறு கோடு உள்ள பழைய பின்கள் முன்னால் நிற்கும். இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிற இடைவெளியில்தான் நுழைய வேண்டியிருக்கிறது.

பண்டிகைக்கால பின்களை 30 முதல் 45 நாள் முன்பே போடத் தொடங்குங்கள் என்று வணிகர்களுக்கு இந்தத் தளமே நெடுநாளாகச் சொல்லிவருகிறது. நல்ல ஆலோசனைதான், ஆனால் அதை அப்படியே எடுத்துக்கொண்டால் பாதிப் பின்கள் தாமதமாகிவிடும்.

## எந்த நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுவது?

பண்டிகை நாளிலிருந்து எண்ணுவதுதான் பொதுவான தப்பு. எண்ண வேண்டியது, அந்தப் படத்தைப் பார்த்து ஒருவர் முடிவெடுக்கும் நாளிலிருந்து.

கொலுவையே பாருங்கள். நவராத்திரி 2026 அக்டோபர் 11 ஞாயிற்றுக்கிழமை தொடங்குகிறது. பல வீடுகளில் அதற்கு முந்தைய நாள், மகாளய அமாவாசை அன்றே படி கட்டி ஒரு பொம்மையாவது எடுத்து வைத்துவிடுவார்கள். ஆக நம் கெடு அக்டோபர் 10. ஆனால் அன்றைக்கு எல்லா முடிவும் எடுக்கப்படுவதில்லை. இந்த வருடம் ராமாயணமா, கிராமத்துச் சந்தையா, அறுபடை வீடா என்ற தீம் முடிவு அதற்கு வெகு முன்னால் நடந்துவிடும். மயிலாப்பூர் வடக்கு மாட வீதியில் பொம்மை வாங்கப் போகிறவர் கையில் பட்டியலோடுதான் போகிறார். அமெரிக்காவிலோ சிங்கப்பூரிலோ இருந்துகொண்டு ஊரிலிருந்து பொம்மை வரவழைப்பவருக்கு இன்னும் முன்னால். மாறாக, சுண்டல் முடிவு என்பது முந்தின ராத்திரி கொண்டைக்கடலை ஊறவைக்கும்போது எடுப்பது.

எனவே ஒரு பின்னின் முன்காலம் இரண்டு துண்டுகளின் கூட்டுத்தொகை. ஒன்று, மனிதருக்கு வேண்டிய நேரம்: முடிவுக்கும் பண்டிகைக்கும் நடுவில் அவருக்கு எத்தனை நாள் தேவை. இரண்டு, பின் சூடாக வேண்டிய நேரம். இரண்டாவதற்கு நான் நான்கு வாரம் வைக்கிறேன். இது தளம் அறிவித்த எண் அல்ல, அவர்கள் சொல்லும் 30 நாளை ஒட்டிய கைக்கணக்கு. இதை வைத்துப் போட்டால்:

1. தீம், படி அமைப்பு. மனிதருக்கு 6 வாரம், பின்னுக்கு 4 வாரம், ஆக மொத்தம் 10. அக்டோபர் 10இலிருந்து பின்னோக்கினால் ஆகஸ்ட் 1.

2. தாம்பூலப் பை, வருபவர்களுக்குக் கொடுக்கும் சின்னப் பரிசுகள். மொத்தமாக ஆர்டர் கொடுத்து வர வேண்டும் என்பதால் மனிதருக்கு 4 வாரம். மொத்தம் 8, அதாவது ஆகஸ்ட் 15.

3. பின்திரை, தோரணம், பார்க். கொலுவுக்கு முன்னால் மண் பரப்பி வெந்தயமோ கேழ்வரகோ விதைத்துப் பச்சையாக்கும் அந்தக் குட்டிப் பூங்காவுக்கே ஒரு வாரம் வேண்டும், அதற்கு முன் யோசிக்க ஒரு வாரம். மொத்தம் 6, ஆகஸ்ட் 29.

4. சுண்டல், வாசல் கோலம். மனிதருக்குக் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. பின்னுக்கான 4 வாரம் மட்டும், செப்டம்பர் 12.

"30 முதல் 45 நாள்" என்ற பொது விதியை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தால் ஆகஸ்ட் 26இல்தான் ஆரம்பித்திருப்போம். சுண்டலுக்கு அது தாராளம். தீமுக்கு அது, ஆள் தீமை முடிவு செய்யும் வாரத்தில் புதுப் பின்னைக் கொண்டுபோய் நிறுத்துவது. அவர் ஏற்கெனவே நாலு படத்தைச் சேவ் செய்து முடித்திருப்பார்.

## போன வருடத் தேதியை நகல் எடுக்காதீர்கள்

கிறிஸ்துமஸுக்கோ காதலர் தினத்துக்கோ ஒரு அட்டவணை போட்டால் வருடா வருடம் அதையே ஓட்டலாம். பொங்கலும் ஜனவரி 14, 15ஐ விட்டு நகராது. சந்திரக் கணக்கில் வரும் பண்டிகைகள் அப்படி இல்லை. மகாளய அமாவாசை 2024இல் அக்டோபர் 2, 2025இல் செப்டம்பர் 21, 2026இல் அக்டோபர் 10. முதலில் 11 நாள் முன்னால் வந்தது, அப்புறம் 19 நாள் பின்னால் போனது. 2026 மே, ஜூனில் சந்திரக் கணக்கில் கூடுதலாகச் சேரும் அதிக மாதம் வந்ததால் அதற்குப் பிறகு வரும் பண்டிகைகள் எல்லாம் தள்ளிப்போயின. தீபாவளியும் அதே மாதிரிதான், 2025இல் அக்டோபர் 20, 2026இல் நவம்பர் 8.

2025க்குப் போட்ட அட்டவணையை 2026இல் அப்படியே ஓட்டினால் 19 நாள் சீக்கிரம், அதில் பெரிய நஷ்டமில்லை. 2024இன் அட்டவணையை 2025இல் ஓட்டியவர்தான் 11 நாளை இழந்திருப்பார். அட்டவணையில் தேதி எழுதாமல் "அமாவாசைக்கு 10 வாரம் முன்" என்று எழுதி வைத்துக்கொண்டால் புதுப் பஞ்சாங்கம் வந்ததும் ஒரே ஒரு தேதியை மாற்றினால் போதும்.

## 30 நாள் வரம்பு: ஒரே நாளில் முடியாது

பின்டரெஸ்டில் ஷெட்யூல் செய்ய வணிகக் கணக்கு வேண்டும், அது இலவசம்தான். பின் உருவாக்கும் இடத்திலேயே பிறகு வெளியிடு என்று தேதி, நேரம் கொடுக்கலாம். சிக்கல் என்னவென்றால், இன்றிலிருந்து 30 நாள் வரைக்கும்தான் தேதி கொடுக்க முடியும். நமக்கு வேண்டியதோ பத்து வாரம். ஒரே ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து மொத்தத்தையும் முடித்துவிடலாம் என்று நினைத்தால் காலண்டர் பாதியிலேயே நின்றுவிடும். இன்னும் நீண்ட காலத்துக்கு வரிசை போடவேண்டுமானால் டெயில்விண்ட் போன்ற வெளிச் செயலிகளுக்குப் போகலாம், ஆனால் நாற்பது பின்னுக்கு அது அவசியமில்லை. இரண்டு முறை உட்கார்ந்தால் போதும்.

நான்கு வகைக்கும் பத்துப் பத்துப் பின்கள், ஒவ்வொரு பத்தும் இரண்டு வாரத்தில் பரவலாகப் போகிறது என்று வைத்துக்கொள்வோம்:

1. ஜூலை 31. வரம்பு ஆகஸ்ட் 30 வரை. தீம் பின்களை ஆகஸ்ட் 1 முதல் 14 வரைக்கும், தாம்பூலப் பின்களை ஆகஸ்ட் 15 முதல் 28 வரைக்கும் வரிசையில் போடலாம்.

2. ஆகஸ்ட் 27. வரம்பு செப்டம்பர் 26 வரை. அலங்காரம் ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 11 வரை, சுண்டலும் கோலமும் செப்டம்பர் 12 முதல் 25 வரை.

ஒவ்வொன்றாகப் போட அலுப்பாக இருந்தால், காற்புள்ளியால் பத்தி பிரிக்கும் சிஎஸ்வி கோப்பு ஒன்றை ஏற்றியும் செய்யலாம். ஒரு வரி இப்படி இருக்கும்:

```
Title,Media URL,Pinterest board,Thumbnail,Description,Link,Publish date,Keywords
"கிராமத்துச் சந்தை கொலு",https://example.com/sandhai.jpg,"Navaratri Golu",,"ஐந்து படி, களிமண் பொம்மை",https://example.com/golu-themes,2026-08-03T14:30:00,"golu,kolu"
```

இதில் மூன்று இடத்தில் வழுக்கும். விளக்கத்துக்குள் காற்புள்ளி இருந்தால் அந்தப் பகுதி மேற்கோள் குறிக்குள் இருக்க வேண்டும், இல்லையென்றால் பத்திகள் ஒன்றுக்கொன்று நகர்ந்து, இணைப்பு இருக்கவேண்டிய இடத்தில் பாதி விளக்கம் போய் உட்காரும். போர்டின் பெயர் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும். அப்புறம் நேரம்: கோப்பில் எழுதும் நேரம் உலகப் பொது நேரம், நம் நேரம் அதற்கு ஐந்தரை மணி முன்னால். மேலே 14:30 என்று எழுதியது இந்தியாவில் இரவு 8 மணி. முதல் தடவை ஒரே ஒரு வரியை மட்டும் ஏற்றி, வரிசையில் எந்த நேரம் காட்டுகிறது என்று பார்த்துவிட்டு மீதியை ஏற்றுங்கள்.

## எந்தப் போர்டில் முதலில்?

புதுப் பின்னுக்கு முதல் கோடு நீங்கள் போடும் போர்டு என்று பார்த்தோம். அதனால் சுண்டல் பின்னை "என் சமையல்" என்ற பொதுப் போர்டில் முதலில் போடுவது வீண். கொலுவுக்கென்று இருக்கும் போர்டில், சுண்டல் செக்‌ஷனில் முதலில் போடுங்கள், ஒன்றிரண்டு வாரம் கழித்து சமையல் போர்டிலும் சேர்த்துக்கொள்ளலாம். ஒரே படத்தை ஒரே நாளில் ஆறு போர்டில் குத்துவது பழைய பழக்கம், அது ஸ்பாம் மாதிரித்தான் தெரியும்.

போர்டின் பெயரில் அலங்காரம் வேண்டாம். "அம்மா வீட்டு மணம்" என்று வைத்தால் மனிதருக்கு நன்றாக இருக்கும், தேடலுக்கு ஒன்றும் புரியாது. நம் ஆட்கள் தமிழில் பேசினாலும் தேடும்போது பெரும்பாலும் ஆங்கில எழுத்தில்தான் அடிக்கிறார்கள், அதுவும் ஒரே மாதிரி இல்லை. `golu`, `kolu` இரண்டும் உண்டு. ஆந்திரப் பக்கம் `bommala koluvu`, கர்நாடகத்தில் `gombe habba`. போர்டுக்கு ஒரு பெயர்தான் வைக்க முடியும், மற்றதைப் பின் தலைப்புகளில் பிரித்துப் போடலாம். தலைப்பு 100 எழுத்து வரை போகலாம் என்றாலும் நகரும் திரையில் முழுதாகத் தெரியாது, ஆகவே முக்கியமான சொல் முதலில் வரட்டும்.

## ஆகஸ்டில் கொலுப் படத்துக்கு எங்கே போவது?

இதுதான் உண்மையான முட்டுக்கட்டை. சுண்டலை ஆகஸ்டில் செய்து படமெடுக்கலாம். ஒன்பது படியை ஆகஸ்டில் கட்ட முடியாது, கட்டினால் வீட்டில் திட்டு விழும். ஆக 2026 ஆகஸ்டில் போகும் தீம் பின்கள் 2025 செப்டம்பரில் எடுத்த படங்கள். இந்த அக்டோபரில் எடுப்பது அடுத்த வருடத்துக்கு.

எடுக்கும்போது நிமிர்ந்த வாக்கில் எடுங்கள். தளம் பரிந்துரைக்கும் அளவு 1000 க்கு 1500, அதாவது 2:3. கொலு இயல்பாகவே அகலமானது, அதனால் படுக்கை வாக்கில் எடுத்துவிட்டுப் பிறகு வெட்டினால் ஓரத்தில் இருக்கும் செட்டியார் கடை போய்விடும். முழுக் கொலுவுக்கு ஒன்று, நடுப்படிக்கு ஒன்று, பார்க்குக்கு ஒன்று என்று தனித்தனியாக எடுத்தால் ஒரே இணைப்புக்கு நாலு வேறு பின் கிடைக்கும்.

படத்தின் மேல் "கொலு 2026" என்று எழுதிவிடாதீர்கள். வெளியான பின்னின் படத்தை மாற்ற முடியாது, அடுத்த வருடம் அது பழைய சரக்காகத் தெரியும். வருடம் போட்டே ஆகவேண்டும் என்றால் தலைப்பில் போடுங்கள், அதைத் திருத்தலாம். இணைப்பு முகவரியிலும் வருடம் வேண்டாம்.

## சரியாகப் போகிறதா என்று எப்படித் தெரியும்?

பின் வெளியான பத்து நாள் கழித்து அதைத் திறந்து கீழே உருட்டுங்கள். அதை ஒத்தவை என்று தளம் வேறு பின்களைக் காட்டும். அங்கே படிகளும் கலசமும் பொம்மைகளும் தெரிந்தால் சரியான தெருவில் நிற்கிறது. கல்யாண மேடையும் பார்பி பொம்மையும் தெரிந்தால் தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். தலைப்பைத் திருத்துங்கள், அதே பொருளை வேறு கோணத்தில் எடுத்த இன்னொரு படத்தைக் கொலுப் போர்டில் போடுங்கள். பத்து வாரம் முன்பே ஆரம்பித்ததால்தான் இதைத் திருத்த நேரம் இருக்கிறது.

அடுத்தது எண்கள். ஆகஸ்டில் சேவ் வருகிறது, இணைப்பை யாரும் அழுத்தவில்லை என்றால் கவலைப்பட வேண்டாம், அது திட்டமிடும் கட்டம். செப்டம்பர் கடைசியில் தாம்பூலப் பையின் இணைப்பை அழுத்தத் தொடங்க வேண்டும். அப்போதும் வெறும் சேவ் மட்டுமே என்றால் இணைப்பில் இருக்கும் பக்கத்தைப் பாருங்கள். சில சமயம் பின் ஷெட்யூல்படி போயிருக்கும், பக்கம் இன்னும் வெளியாகியிருக்காது. பார்வை எண்ணிக்கையின் உச்சம் விஜயதசமிக்குப் பிறகு வந்தால் தாமதமாகப் போட்டிருக்கிறீர்கள், ஆரம்பத்தில் சொன்ன நவம்பர் கதை அதுதான்.

trends.pinterest.com பக்கத்தில் ஒரு சொல்லின் தேடல் வருடம் முழுக்க எப்படி ஏறி இறங்குகிறது என்று ஒரு வரைபடக் கோடாகப் பார்க்கலாம். அந்தக் கோடு எண்ணிக்கையைக் காட்டுவதில்லை, உச்சத்தை 100 என்று வைத்து ஒப்பீட்டைத்தான் காட்டும். கோடு எந்த வாரத்தில் நிமிரத் தொடங்குகிறது என்பதுதான் நமக்கு வேண்டியது. போன வருடக் கோட்டைப் பார்க்கும்போது போன வருட அமாவாசையை வைத்து எண்ணுங்கள்.

## பத்து நாள்தான் இருக்கிறது என்றால்

தீம் பின்களை இந்த வருடத்துக்கு விட்டுவிடுங்கள். சுண்டலும் கோலமும் மட்டும் போடுங்கள், பண்டிகையின் ஒன்பது நாளும் அவற்றுக்குத் தேடல் இருக்கும் என்பதால் கடைசி நாட்களிலாவது பிடிக்க வாய்ப்புண்டு. அவசரம் என்றால் காசு கொடுத்து விளம்பரமாக ஓட்டலாம், அப்போது இந்தக் காத்திருப்பு இல்லை.

விஜயதசமி முடிந்ததும் ஓடாத பின்களை அழிக்கத் தோன்றும். அழிக்க வேண்டாம். அதில் விழுந்த ஏழெட்டு சேவ்களும் அந்த வலையில் கோடுகளாகவே இருக்கின்றன, அடுத்த ஆடியில் யாராவது கொலு என்று தேடும்போது புதுப் பின்னைவிட அது முன்னால் நிற்கும். படியைக் கலைக்கும் முன் நடுப்படியை மட்டும் நிமிர்ந்த வாக்கில் இன்னொரு படம் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள்.